பத்து மணி நேரம் எங்கே போனது?

தெலுக் இந்தானைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும் ஆலைகளும் இருக்கும் வரை எங்கள் பட்டறைக்கு வேலை இருக்கும். ஆலைகளில் கன்வேயர் பேரிங் மாற்றுவது, ஸ்குரூ பிரஸ் கழற்றிப் பூட்டுவது, தோட்டக் கான்டிராக்டர்களின் டிராக்டர் பழுது, வெல்டிங் என்று எட்டுப் பேர் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அலுவலகத்தில் நான் ஒருத்தி. சம்பளமும் நான்தான், வாடிக்கையாளருக்குப் பில் போடுவதும் நான்தான். இரண்டும் ஒரே மேசைக்கு வருவதால், ஒரு மெக்கானிக்கின் ஒரு நாள் எப்படி இரண்டு விதமான பணமாக மாறுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிகிறது.

என் அப்பா காலத்துத் தோட்டத்தில் காலைப் பெரட்டில் கிராணி செக்ரோலைப் பிரித்து, ஆள் வந்தாரா, எந்தக் காட்டில் வேலை என்று குறித்துக்கொள்வார். சம்பளத்துக்கு அது போதும். பட்டறைக்கு அது போதாது. பஞ்ச் கார்டு, ஆள் எப்போது வந்தார், எப்போது போனார் என்று மட்டும் சொல்லும். அந்த நேரத்தில் எந்த ஆலையின் வேலை எவ்வளவு நடந்தது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது ஜாப் ஷீட். இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், ஒன்று ஆளுக்குக் குறைத்துக் கொடுக்கிறோம், அல்லது ஆலையிடம் கூடுதலாகக் கேட்கிறோம், அல்லது இரண்டும் ஒன்றாக நடக்கிறது.

நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இதுதான்: ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரே ஒரு பதிவு, அந்தப் பதிவுக்கு இரண்டு கேள்வி. இதற்குச் சம்பளம் உண்டா? இதை யாராவது வாடிக்கையாளருக்குப் பில் போடலாமா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆமாம் என்பதே பதில். இரண்டாவதற்கு அப்படி இல்லை. சம்பளத்துக்கு ஒரு தாள், பில்லுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக எழுதும் இடங்களில் இரண்டு மாதத்துக்குள் தாள்கள் இரண்டும் வேறு வேறு கதை சொல்ல ஆரம்பித்துவிடும்.

பதிவை எப்போது எழுதுவது என்பதில்தான் முதல் சண்டை. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது நாள் முழுவதையும் நினைத்து எழுதினால், மனம் எல்லாவற்றையும் அரை மணி, ஒரு மணி என்று வெட்டி அடுக்கிவிடும். வேலை மாறும் நேரத்தில் எழுதினால்தான் நிமிடம் நிற்கும். ஆனால் ஃபோர்மேன் அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "ஏம்மா, கை முழுக்க கிரீஸ், நான் பேனாவப் புடிப்பேனா, ஸ்பேனரப் புடிப்பேனா?" கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வேலை மாறும்போதெல்லாம் பட்டறை வாட்ஸ்அப் குழுவில் ஜாப் நம்பரை மட்டும் சொல்லி ஒரு குரல் பதிவு: "நூத்திப் பதினேழு, பெர்மிட் கெடச்சிருச்சு, வேலை ஆரம்பம்." நேரத்தைச் சொல்லவே வேண்டாம், போனே போட்டுக்கொள்ளும். மறுநாள் காலை நான் அதைக் கேட்டு ஷீட்டில் ஏற்றுவேன். ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். உள்ளே லைன் கிடைக்காத ஆலைகளும் உண்டு. அங்கே போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பார்கள்.

எப்போதும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டும் வேண்டும். "நாலு மணி நேரம்" என்று மொத்தமாக எழுதியதை நான் வாங்கிக்கொள்வதில்லை. ஏன் என்பது கீழே வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். மெக்கானிக் ஒருவர், மாதச் சம்பளம் 2,600 வெள்ளி. வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு மணி நேரம், சனிக்கிழமை ஐந்து. ஆக வாரம் 45 மணி. 2023 ஜனவரி 1 முதல் மலேசியச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு அதுதான். அதற்கு முன் 48. அவர் பஞ்ச் அடித்தது காலை 7:52. வேலை தொடங்குவது 8:00.

எட்டு மணிக்கு ஆலை வேலைக்கான சாமான்களை வண்டியில் ஏற்றத் தொடங்கி 8:25-க்குக் கிளம்பினார். 9:10-க்கு ஆலை வாசல். வேலை அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருந்து அது கைக்கு வந்தது 9:50-க்கு. 12:40 வரை கன்வேயரில் பேரிங் மாற்றும் வேலை. ஒரு மணி நேரம் சாப்பாடு. 1:40 முதல் 2:30 வரை மீதி வேலையும் ஓட்டிப் பார்ப்பதும். 3:15-க்குப் பட்டறைக்குத் திரும்பினார். அங்கிருந்து 5:00 வரை ஒரு கான்டிராக்டரின் டிராக்டரில் ஹைட்ராலிக் பம்ப். அரை மணி நேரம் ஓய்வு. பிறகு 5:30 முதல் 7:30 வரை அதே பம்ப், ஓ.டி.யில். வெளியே போகும்போது பஞ்ச் 7:36.

நடுவில் அரை மணி ஓய்வு எதற்கு என்று கேட்கலாம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 1:40-லிருந்து நிறுத்தாமல் 7:00 வரை போயிருந்தால் அதை மீறியிருப்போம். ஷீட்டில் தொடக்கமும் முடிவும் இருப்பதால்தான் இது கண்ணில் படுகிறது.

இப்போது கூட்டுவோம். ஆலை வேலைக்குச் சாமான் ஏற்ற 25 நிமிடம், போக 45, காத்திருப்பு 40, வேலை 170, பிறகு 50, திரும்ப 45. மொத்தம் 375 நிமிடம். டிராக்டருக்கு 105, ஓ.டி. 120, மொத்தம் 225. இரண்டும் சேர்த்தால் 600 நிமிடம், அதாவது பத்து மணி நேரம். பஞ்ச் கார்டுப்படி அவர் இருந்தது 11 மணி 44 நிமிடம். ஓய்வு ஒன்றரை மணியைக் கழித்தால் 10 மணி 14 நிமிடம். அந்த 14 நிமிடத்துக்குக் காரணம் தெரியும்: காலையில் எட்டு நிமிடம் முன்னால் வந்து காப்பி குடித்தார், மாலையில் ஆறு நிமிடம் கை கழுவி உடை மாற்றினார். சரி, ஒத்துப்போகிறது.

சம்பளப் பக்கம் எளிது. 2,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 100 வெள்ளி. அதை எட்டால் வகுத்தால் மணிக்கு 12.50. சாதாரண நாளில் ஓ.டி. அதில் ஒன்றரை மடங்கு, 18.75. இரண்டு மணி நேரத்துக்கு 37.50. அன்றைய சம்பளம் 137.50. சாமான் ஏற்றுவது, பயணம், காத்திருப்பு எல்லாவற்றுக்கும் முழுச் சம்பளம் உண்டு. அந்த நேரம் முழுக்க அவர் நம் வேலையாகத்தானே இருக்கிறார்.

பில் பக்கம் அப்படி இல்லை. நாங்கள் கொடுத்த விலைப்புள்ளியில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறோம். வேலைக்கூலி மணிக்கு 60 வெள்ளி. ஏற்றுவது, போக வர எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 80 வெள்ளி. ஆலைக்குள் காத்திருப்பதில் முதல் அரை மணி இலவசம், அதற்கு மேல் கூலிக் கணக்கு. ஆகவே ஆலைக்குப் பில் போடக்கூடிய நேரம் 170, 50, காத்திருப்பில் மிஞ்சிய 10. ஆக 230 நிமிடம். கால் மணிக்கு உயர்த்தினால் நான்கு மணி நேரம், 240 வெள்ளி. நடைக்கு 80 சேர்த்து 320.

உயர்த்துவது என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மேலே நான் ஒரு வேலைக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் உயர்த்தினேன், அதுவும் எல்லாவற்றையும் கூட்டிய பிறகு. ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக உயர்த்தினால் 10 நிமிடம் 15 ஆகும், 170 நிமிடம் 180 ஆகும், 50 நிமிடம் 60 ஆகும். மொத்தம் 255. வேலை துளியும் கூடாமல் 15 வெள்ளி ஏறிவிடும். வேலையை இடையில் பலமுறை நிறுத்தித் தொடங்கிய நாளில் இது இன்னும் மோசம். ஐந்து நிமிட வேலைகூடக் கால் மணியாகிவிடும். வாடிக்கையாளர் இதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், பிறகு சரியாகப் போட்ட பில்லையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார். இன்னொன்று, உயர்த்துவது பில்லில் மட்டும். ஷீட்டில் உண்மையான நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். ஷீட்டிலேயே உயர்த்தி எழுதினால் சம்பளக் கணக்கும் கூடவே வீங்கும், பஞ்ச் கார்டோடு ஒருநாளும் ஒத்துவராது.

அந்த ஆலை பில்லைப் பார்த்துவிட்டுத் துணை என்ஜினியர் போன் செய்தார். அவர்கள் பதிவில் எங்கள் ஆள் வேலை செய்தது மூன்று மணி நாற்பது நிமிடம்தான் என்றார். அது சரிதான், 170-உம் 50-உம் சேர்த்தால் 220. மீதியில் பத்து நிமிடம் காத்திருப்பு, இன்னொரு பத்து கால் மணிக்கு உயர்த்தியது என்று சொல்லி, வாசலில் பதிவான 9:10-ஐயும், அனுமதிச் சீட்டில் அவர்களே எழுதிய 9:50-ஐயும் காட்டினேன். சீட்டு நம்பர் எங்கள் ஷீட்டில் அந்தப் பதிவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பேச்சு அங்கேயே முடிந்தது. வாடிக்கையாளரின் இடத்திலேயே பிறந்த ஒரு தாளோடு நம் பதிவைக் கட்டிவைத்தால் போதும், அனுமதிச் சீட்டோ வாசல் பதிவோ டெலிவரி ஆர்டரோ. நம் ஆள் கையெழுத்து எத்தனை இருந்தாலும் அது நம் பக்கத்துச் சாட்சிதான்.

இரண்டு ஆட்கள் போகும் வேலையில் இதே பேச்சு வேறு வடிவில் வரும். "மூணு மணி நேரந்தானே வேலை செஞ்சாங்க, ஆறு போட்டிருக்கீங்க?" பில்லில் ஆள் எண்ணிக்கையையும் ஒவ்வொருவரின் நேரத்தையும் தனி வரியில் போடுவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

அடுத்தது டிராக்டர். 225 நிமிடம் என்பது சரியாக மூன்றே முக்கால் மணி. அதில் இரண்டு மணி ஓ.டி. ஓ.டி. என்றால் வாடிக்கையாளருக்கும் ஒன்றரை மடங்கு, 90 வெள்ளி என்று எங்கள் விலைப்புள்ளியில் இருக்கிறது. அப்படிப் போட்டால் 285. சாதாரணமாகப் போட்டால் 225. எது சரி?

கடிகாரத்தைப் பார்த்தால் ஓ.டி. எப்போதும் நாளின் கடைசி வேலையின் தலையில்தான் விழும். காரணம் அங்கே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அன்று அந்தக் கான்டிராக்டர் அவசரப்படவே இல்லை. வியாழக்கிழமை கொடுத்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். புதன்கிழமை அந்த மெக்கானிக்கை வேறு ஆலைக்கு அனுப்ப வேண்டியிருந்ததால், நாங்கள்தான் அவரை அன்றே முடிக்கச் சொன்னோம். அப்படியானால் கூடுதல் 60 வெள்ளியை அந்தக் கான்டிராக்டரிடம் கேட்பது நியாயமில்லை, 225-தான் பில். ஆளுக்கு ஓ.டி. சம்பளம் அப்படியே போகும், அந்தக் கூடுதல் பட்டறையின் செலவு.

இதற்காக ஷீட்டில் ஒரு தனிக் கட்டம் வைத்திருக்கிறேன்: "ஓ.டி. யார் கேட்டது?" அதில் வாடிக்கையாளர் என்றால் யார், எப்போது சொன்னார் என்று எழுத வேண்டும். பட்டறை என்றால் "பட்டறை". காலியாக இருந்தால் ஓ.டி. விலையில் பில் போகாது. முதலாளிக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை, பணத்தைக் கையை விட்டு நழுவவிடுவதாகத்தான் நினைத்தார். மாதக் கடைசியில் "பட்டறை" என்று எழுதியவற்றை மட்டும் தனியாகக் கூட்டிக் காட்டினேன். எந்த நாளில் ஆட்களை மோசமாகப் பிரித்து அனுப்பியிருக்கிறோம் என்று அதிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை.

தொடக்க நேரமும் முடிந்த நேரமும் கட்டாயம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு முக்கியக் காரணம் நள்ளிரவு. ஆலைகள் இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்ப்பது பெரும்பாலும் வார இறுதியில்தான். ஒரு சனிக்கிழமை, காலையில் ஐந்து மணி நேர வேலையை முடித்துவிட்ட அதே மெக்கானிக், இரவு 8:00-க்கு ஸ்குரூ பிரஸ் வேலைக்குப் போய் 1:30-க்கு முடிக்கிறார். "ஓ.டி. ஐந்தரை மணி" என்று எழுதிக் கொடுத்தால் 5.5-ஐ 18.75-ஆல் பெருக்கி 103.13 வெள்ளி என்று கணக்கு வரும். அது தவறு.

நள்ளிரவு 12-க்கு மேல் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய ஓய்வு நாள். மாதச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தில் பாதி வரை வேலை செய்தால் அரைநாள் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்; பாதிக்கு மேல், வழக்கமான நேரம் வரை என்றால் ஒரு நாள் சம்பளம். அதையும் தாண்டினால் மணிக்கு இரண்டு மடங்கு. ஆகவே சனிக்கிழமை நான்கு மணி நேரத்துக்கு 75 வெள்ளி, ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு 50 வெள்ளி. மொத்தம் 125. மொத்தமாக எழுதியதால் ஆளுக்கு 21 வெள்ளி 87 காசு குறைந்திருக்கும், யாருக்கும் தெரிந்தும் இருக்காது. எனவே நள்ளிரவைத் தாண்டும் பதிவை 12:00-க்கு வெட்டி இரண்டு வரியாக எழுதுகிறோம். மறுநாள் பொது விடுமுறை என்றாலும் அப்படித்தான். அதற்கு விகிதம் இன்னும் வேறு.

ஓ.டி.யைத் தனியாகப் பிரிப்பது சம்பளச் சீட்டில் மற்றொரு இடத்திலும் தேவைப்படும். இபிஎஃப் சந்தா கணக்கிடும்போது ஓ.டி. சேராது, சொக்சோவுக்குச் சேரும். சம்பளத்தையும் ஓ.டி.யையும் ஒரே எண்ணாகப் போட்டுவைத்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் தவறாகப் போகும்.

எக்செல் பற்றி இரண்டு வார்த்தை. 2 மணி 50 நிமிடத்தை 2.50 என்று எழுதிப் பெருக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது 2.83 மணி. தொடக்கம் B2-இலும் முடிவு C2-இலும் நேரமாகவே இருக்கட்டும், வித்தியாசத்தை 24-ஆல் பெருக்கினால் மணி கிடைக்கும். இரவு 8:00 முதல் 1:30 வரை போல நள்ளிரவைத் தாண்டினால் சாதாரணக் கழித்தல் எதிர்மறை எண்ணைக் கொடுக்கும். மொத்த நேரத்தைச் சரிபார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துகிறேன்:

```
=MOD(C2-B2,1)*24
```

24-ஆல் பெருக்காமல் நேரமாகவே கூட்டிய மாத மொத்தம் திடீரென்று சின்னதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். சாதாரண நேர வடிவம் 24 மணியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். அந்தக் கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால் சரியாகிவிடும்.

கற்பனையில் எழுதிய ஷீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எல்லா நேரமும் 00, 30 என்று முடியும். ஒவ்வொரு நாளும் கச்சிதமாக எட்டு மணி வரும். ஒரே வேலைக்கு ஒன்றாகப் போன இருவரில் ஒருவர் 9:10-க்கு ஆலையிலும் மற்றவர் 9:30-க்குப் பட்டறையிலும் இருப்பார்கள். ஒரு வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே அழுத்தம். இப்படி ஒன்று வந்தால் நான் திட்டுவதில்லை. பஞ்ச் கார்டையும் குரல் பதிவுகளையும் பக்கத்தில் வைத்து அன்றே உட்கார்ந்து கேட்பேன். "தம்பி, வியாழக்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்க?" ஒரு நாள் கழித்துக் கேட்டால் பதில் வரும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதைதான் வரும்.

கேட்டும் பதில் வராத நேரம் சில சமயம் இருக்கும். அதை ஏதாவது ஒரு ஜாப் நம்பரில் ஒட்டிவிடத் தோன்றும், பெரிய வேலையில் இருபது நிமிடம் யாருக்குத் தெரியப்போகிறது என்று. நான் அதற்கு 99 என்று தனி நம்பர் கொடுத்திருக்கிறேன். சம்பளம் உண்டு, பில் கிடையாது, காரணம் தெரியாது. பட்டறை கூட்டுவதும் ஸ்டோரில் சாமான் அடுக்குவதும் 99 அல்ல, அவற்றுக்கு 90. இரண்டையும் கலந்தால் 99 குப்பைத்தொட்டியாகிவிடும், பிறகு அதைப் பார்த்து ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. 99 திடீரென்று ஏறும் மாதத்தில் பெரும்பாலும் யாராவது புதிதாகச் சேர்ந்திருப்பார், அல்லது ஜாப் நம்பர் திறக்காமலே ஆளை அனுப்பியிருப்போம். இரண்டாவது அதிகம். போனில் ஆலை கூப்பிட்டதும் ஃபோர்மேன் அண்ணன் ஆளை ஏற்றி அனுப்பிவிடுவார், நம்பர் மாலையில்தான் என்னிடம் வரும். இப்போது அலுவலகச் சுவரில் திறக்கப்படாத பத்து நம்பரை முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்கிறேன். அவசரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம், பெயர் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்விட வேண்டும். பில்லுக்கு அந்தக் கெடு இல்லை. அதனால் பில்லில் தகராறு இருந்தாலும் சம்பளத்தை அதற்காக நிறுத்திவைப்பதில்லை. 5-ஆம் தேதி ஷீட்டைச் சம்பளத்துக்காகப் பூட்டுகிறேன். அதற்குப் பிறகு ஆலை பேசி ஒரு மணி நேரத்தைக் குறைத்தால், பில்லில் தள்ளுபடி என்று ஒரு வரி போடுவேன்; ஷீட்டில் இருக்கும் நேரத்தை அழிக்க மாட்டேன். ஆள் அந்த ஒரு மணி நேரமும் அங்கே நின்று வேலை செய்தவர்தான். ஷீட்டுகளைச் சம்பளப் பதிவேட்டோடு சேர்த்துக் கட்டிவைக்கிறேன். பதிவேட்டை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டோர் ரூமில் எலித் தொல்லை இருப்பதால் பிளாஸ்டிக் பெட்டிதான்.